ஆஃபர் லெட்டரில் மெடிக்கலும் போலீஸ் சரிபார்ப்பும் நிபந்தனை, தேதி மட்டும் இல்லை. எப்படிக் கேட்பது?

தாழ்வாரம் (இழையைத் தொடங்கியவர்)

ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் டெக்னீஷியன் வேலைக்கு ஆஃபர் வந்திருக்கிறது. கடிதத் தேதி ஜூன் 3. ஜூன் 10-க்குள் கையெழுத்துப் போட்டு அனுப்பச் சொல்கிறார்கள். ஆகஸ்ட் 11 அன்று சேர வேண்டும். இப்போது இருக்கும் இடத்தில் நோட்டீஸ் 60 நாள்.

கடிதத்தில் 4-ஆவது பத்தி இதுதான்: "இந்நியமனம் மருத்துவத் தகுதியும் காவல்துறைச் சரிபார்ப்பும் நிறுவனத்துக்குத் திருப்திகரமாக முடிவதற்கு உட்பட்டது." எந்தப் பரிசோதனை, எங்கே செய்வது, எதற்குள் முடிப்பது என்று ஒரு சொல் இல்லை. துருவிக் கேட்டால் ஏதோ மறைக்கிறேன் என்று நினைப்பார்களோ என்ற தயக்கம் இருக்கிறது. என்ன கேட்க வேண்டும், எந்த வார்த்தையில் கேட்க வேண்டும்?

வடக்குவாசல்

இதெல்லாம் எல்லாக் கடிதத்திலும் இருக்கும் வழக்கமான வரிதான். மெடிக்கல் ஒரு சம்பிரதாயம். போலீஸ் சரிபார்ப்பு எப்போதும் சேர்ந்த பிறகுதான் நடக்கும். ஜூன் 10 அன்று கையெழுத்துப் போட்டுவிட்டு அன்றைக்கே ராஜினாமா கொடுத்துவிடுங்கள், நாள் சரியாக வரும்.

பேரேடு

நாள் சரியாக வரும் என்பது உண்மை. அதுதான் கவலையும். ஜூன் 10 அன்று ராஜினாமா கொடுத்தால் 60 நாள் ஆகஸ்ட் 9-இல் முடிகிறது, 11-இல் சேரலாம். நிபந்தனைகள் முடியும்வரை காத்திருக்க இதில் ஒரு வாரம்கூட இடமில்லை. அதாவது, மெடிக்கலுக்கு ரத்தம் கொடுப்பதற்கு முன்பே பழைய வேலையை விட்டாக வேண்டும்.

போலீஸ் சரிபார்ப்பு சேர்ந்த பிறகுதான் என்பது பல இடங்களில் சரி, எல்லா இடத்திலும் இல்லை. நோயாளிகள், குழந்தைகள், பணம், பாதுகாப்பு சம்பந்தப்பட்ட வேலைகளில் பெரும்பாலும் முன்கூட்டியே கேட்பார்கள். கடிதத்தில் "உட்பட்டது" என்று மட்டும் போட்டால் அது சேரும் முன்பா பின்பா என்று இரண்டு பக்கமும் வாசிக்கலாம். சேர்ந்த பின் என்றால் நாளை சரிபார்ப்பு சிக்கலானால் வேலை போகும். சேரும் முன் என்றால் ஆகஸ்ட் 11 தானாகத் தள்ளிப்போகும், பழைய சம்பளமும் நின்றிருக்கும். அதனால் முதலில் கேட்க வேண்டியது இந்த முன்-பின்தான்.

அடுத்தது தேதி. "எதற்குள் முடிக்க வேண்டும்" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். முடிப்பது என்பதற்குள் மூன்று நாள் ஒளிந்திருக்கிறது: நீங்கள் பரிசோதனைக்குப் போன நாள், அறிக்கை அவர்கள் கைக்குப் போன நாள், "சரி, ஏற்றுக்கொண்டோம்" என்று அவர்கள் எழுதித் தரும் நாள். முதல் இரண்டும் முடிந்தாலும் மூன்றாவது வராமல் நிபந்தனை தீராது. கடிதத்தில் "நிறுவனத்துக்குத் திருப்திகரமாக" என்று இருக்கிறதே, அது அந்த மூன்றாவது நாளைத்தான் குறிக்கிறது. அதை எழுத்தில் யார் தருவார், எந்தத் தேதிக்குள் தருவார் என்று கேளுங்கள்.

தயக்கம் வேண்டாம். இதை விவரமாகக் கேட்பவர் எதையும் மறைக்கிறார் என்று மனிதவளத் துறையில் யாரும் எடுத்துக்கொள்வதில்லை. கடைசி வாரத்தில் சான்றிதழ் குறைகிறது என்று ஓடிவருபவரால்தான் அவர்களுக்குத் தலைவலி.

கூழாங்கல்

நானும் போன வருடம் பாஸ்போர்ட்டுக்காக போலீஸ் சரிபார்ப்பு முடித்துவிட்டேன். வீட்டுக்கே வந்து விசாரித்தார்கள். அதே தாளைக் கொடுத்தால் போதாதா? திரும்பவும் எதற்கு?

பேரேடு

போதாது, கூழாங்கல். பாஸ்போர்ட்டுக்கான விசாரணை பாஸ்போர்ட் தரும் அலுவலகத்துக்கு மட்டும் போகும் அறிக்கை. வேலைக்கு இரண்டு வேறு வழிகள் உண்டு. நீங்களே விண்ணப்பித்து வாங்கி வந்து கொடுக்கும் நன்னடத்தைச் சான்றிதழ் ஒன்று. நிறுவனமோ அது அமர்த்திய ஏஜென்சியோ உங்கள் படிவத்தை வைத்து நேரடியாகச் சரிபார்த்துக்கொள்வது இன்னொன்று. முதலாவதில் காலக்கெடு உங்கள் தலையில். இரண்டாவதில் நீங்கள் படிவத்தைக் கொடுத்தால் உங்கள் வேலை முடிந்தது, மீதி அவர்கள் கையில். தாழ்வாரம் கேட்க வேண்டிய கேள்விகளில் இதுவும் உண்டு: இரண்டில் எது?

சோதனைக்குழாய்

பணியாளர் சுகாதாரப் பிரிவில் இருப்பவள் என்ற முறையில் மெடிக்கல் பக்கம் மட்டும் சொல்கிறேன். "மருத்துவத் தகுதி" என்ற ஒற்றைச் சொல்லை நம்பி நாள் குறிக்காதீர்கள். பொதுப் பரிசோதனை, பார்வை, ரத்தம், சிறுநீர், எக்ஸ்ரே என்றால் இரண்டு மூன்று நாளில் அறிக்கை வந்துவிடும். மருத்துவமனை ஆய்வகம் என்றால் காசநோய்ப் பரிசோதனையும் ஹெபடைடிஸ் பி விவரமும் கேட்க வாய்ப்பு அதிகம். இந்த இரண்டும்தான் காலண்டரைத் தின்னும்.

காசநோய்க்குத் தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் மாண்டூ பரிசோதனை என்றால், போட்ட 48 மணியிலிருந்து 72 மணிக்குள் திரும்பப் போய்க் காட்ட வேண்டும். வியாழக்கிழமை போட்டுக்கொண்டு திங்கட்கிழமை போனால் நேரம் கடந்துவிடும், மறுபடி முதலிலிருந்து. சில மருத்துவமனைகள் இரண்டு கட்டமாகக் கேட்கும். முதல் ஊசி எதிர்மறையாக வந்தால் 1 முதல் 3 வாரம் கழித்து இரண்டாவது ஊசி, அதற்கும் தனியாகக் காட்டல். ஆக மொத்தம் நான்கு முறை போய்வர வேண்டும். இடையில் தட்டம்மைத் தடுப்பூசி போல உயிருள்ள கிருமி உள்ள தடுப்பூசி போட்டுக்கொண்டால் காசநோய் முடிவு தவறாக எதிர்மறை காட்டலாம். இரண்டையும் ஒரே நாளில் செய்ய வேண்டும், இல்லையென்றால் குறைந்தது 4 வாரம் விட வேண்டும். மருத்துவமனை தடுப்பூசியும் கேட்கிறதா என்று முன்பே தெரிந்தால்தான் இந்த வரிசையை ஒழுங்காகப் போட முடியும்.

குழந்தையில் பிசிஜி போட்டவர்களுக்குத் தோல் சோதனை நேர்மறையாகக் காட்டலாம். அது தோல்வி இல்லை. எக்ஸ்ரேயும் மருத்துவர் பார்வையும் சேரும், நாள் கூடும். பிசிஜியால் பாதிக்கப்படாத ரத்தப் பரிசோதனையும் உண்டு, ஒரே தடவை போனால் போதும். "தோல் சோதனைக்குப் பதில் ரத்தப் பரிசோதனை ஏற்பீர்களா" என்று ஒரு வரி சேர்த்துக் கேட்பது நல்லது.

ஹெபடைடிஸ் பி-தான் முக்கியம். வழக்கமான அட்டவணை 0, 1, 6 மாதம், மூன்று டோஸ். எதிர்ப்பாற்றல் வந்ததா என்று ரத்தத்தில் பார்ப்பது கடைசி டோஸுக்கு 1 முதல் 2 மாதம் கழித்து. மில்லிலிட்டருக்கு 10 மில்லி யூனிட் அல்லது அதற்கு மேல் இருந்தால் போதும் என்று வைத்திருக்கிறார்கள். நீங்கள் இதுவரை ஒரு டோஸும் போடவில்லை என்று வைத்துக்கொள்வோம். ஜூன் நடுவில் முதல் டோஸ், ஜூலை நடுவில் இரண்டாவது, மூன்றாவது டிசம்பர் நடுவில், ரத்தப் பரிசோதனை அடுத்த ஜனவரியிலோ பிப்ரவரியிலோ. ஆகஸ்ட் 11-க்குள் "தடுப்பூசி முழுமை" என்று கேட்டால் இந்த அட்டவணையில் அது நடக்கவே நடக்காது. அதனால் "தொடங்கியிருந்தால் போதுமா, முழுமையாக முடித்திருக்க வேண்டுமா" என்று பிரித்துக் கேட்க வேண்டும். ஏற்கனவே போட்டிருந்து அட்டை தொலைந்திருந்தால், எதிர்ப்பாற்றல் அளவை இந்த வாரமே பார்த்துக்கொள்ளுங்கள்.

வடக்குவாசல்

சீக்கிரம் முடிக்கிற மாதிரி அட்டவணையும் இருக்கிறதே, மூன்று வாரத்தில் முடிப்பது?

சோதனைக்குழாய்

இருக்கிறது. ஆனால் அப்படிப் போட்டால் 12-ஆவது மாதத்தில் இன்னொரு டோஸ் சேரும், அதனால் அதுவும் "முழுமை" ஆவதில்லை. ஒரு மாத இடைவெளியில் இரண்டே டோஸ் போடும் வகையும் உண்டு, ஆனால் எல்லா இடத்திலும் கிடைக்காது. எதைப் போடுவது என்பதை மருத்துவர் சொல்லட்டும். அந்தப் பட்டியலை நிறுவனம் ஏற்கிறதா என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

கல்தூண்

குறுக்கே ஒரு கேள்வி. எனக்குச் சர்க்கரை உண்டு, மாத்திரையில் கட்டுப்பாட்டில் இருக்கிறது. மெடிக்கல் நிபந்தனை என்று போட்டாலே இதைச் சொல்லி எடுத்துவிடுவார்களா? முன்பே சொல்லிவிட வேண்டுமா?

சோதனைக்குழாய்

தகுதி என்பது அந்த வேலைக்கான தகுதி. உயரத்தில் ஏறி வேலை, வண்டி ஓட்டுவது, இரவு ஷிப்ட் என்றால் மருத்துவர் கூடுதலாகப் பார்ப்பார். மேஜை வேலைக்கு வேறு அளவுகோல். எந்தத் தகுதி அளவுகோலின்படி என்று நீங்களும் கேட்கலாம். மருத்துவப் படிவத்தில் நோய் பற்றிக் கேள்வி இருந்தால் உள்ளதை எழுதுங்கள். மறைத்தது பின்னால் தெரிந்தால் நோயைவிட மறைத்ததே பெரிய காரணமாகிவிடும். படிவத்துக்கு முன்பே எச்.ஆருக்கு மெயிலில் சொல்ல வேண்டுமா என்பது வேறு. அது மருத்துவரிடம் போக வேண்டிய தகவல், எச்.ஆருக்குப் போக வேண்டியது "தகுதி / தகுதியில்லை / இன்ன வரம்புடன் தகுதி" என்ற முடிவு மட்டும். அறிக்கை முழுவதும் யார் கைக்குப் போகிறது என்பதையும் கேட்கலாம்.

கல்தூண்

நன்றி அக்கா. இன்ன வரம்புடன் தகுதி என்று ஒன்று இருப்பதே இப்போதுதான் தெரிகிறது.

தாழ்வாரம்

எல்லோருக்கும் நன்றி. போலீஸ் பக்கம் ஒரு விஷயத்தை முதல் பதிவில் விட்டுவிட்டேன். நான்கு வருடத்துக்கு முன் வேறொரு நாட்டில் 14 மாதம் வேலை செய்தேன். அதோடு, படிப்புச் சான்றிதழில் என் பெயருக்கு முன் முன்னெழுத்து மட்டும் இருக்கிறது, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரித்து எழுதியிருக்கிறது. இது தொல்லையா?

பேரேடு

இரண்டும் தொல்லைதான், ஆனால் இப்போதே தெரிந்தது நல்லது.

நாடு விஷயம்: சரிபார்ப்பு எத்தனை வருடத்துக்குப் பின்னோக்கிப் போகிறது, வெளிநாட்டு வாசத்தைக் கணக்கில் எடுக்கிறதா என்று கேளுங்கள். 5 வருடம் என்றால் உங்கள் 14 மாதம் உள்ளே வரும். 3 வருடம் என்றால் வராது. உள்ளே வந்தால் அந்த நாட்டுச் சான்றிதழை நீங்கள் இங்கிருந்தே வாங்க வேண்டியிருக்கும். சில நாடுகள் கைரேகை கேட்கும். தாளில் எடுத்த ரேகை மங்கலாக இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆய்வகத்தில் இடைவிடாமல் சோப்பும் கிருமிநாசினியும் பட்ட விரல்களில் கோடு தேய்ந்திருப்பது சாதாரணம். அதனால் இரண்டு மூன்று தாள்களில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு மொழிபெயர்ப்பு வேண்டுமா, அப்போஸ்டில் முத்திரை வேண்டுமா என்பதும் கேள்வி. ஒவ்வொன்றும் ஒரு அலுவலகம், ஒரு வரிசை.

பெயர் விஷயம்: எல்லாப் படிவத்திலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதுங்கள். "வேறு பெயர்கள்" என்று ஒரு கட்டம் இருக்கும், அதில் முன்னெழுத்து வடிவத்தைப் போடுங்கள். அந்தக் கட்டத்தைக் காலியாக விடுவதால்தான் சான்றிதழும் படிவமும் பொருந்தவில்லை என்று கிடப்பில் விழுகிறது. இருவரும் ஒரே ஆள் என்று உறுதிமொழிப் பத்திரம் தேவையா என்று முன்பே கேட்டுவிடலாம்.

இன்னொரு எச்சரிக்கை. அவசரப்பட்டு இன்றைக்கே சான்றிதழ் வாங்கிவிடாதீர்கள். "சேரும் தேதிக்கு முந்தைய 3 மாதத்துக்குள் வழங்கப்பட்டது" என்று சிலர் கேட்பார்கள். வழங்கிய தேதியிலிருந்து எண்ணுகிறார்களா, அவர்கள் கைக்கு வந்த தேதியிலிருந்தா என்று தெரியாமல் வாங்கிவைத்தால், சேரும் நாள் ஒரு மாதம் தள்ளிப்போனதும் காலாவதியாகிவிடும்.

தாழ்வாரம்

மெயில் இப்படி எழுதியிருக்கிறேன், பாருங்கள்: "மதிப்பிற்குரிய அம்மா, ஆஃபருக்கு மிக்க நன்றி. மெடிக்கல், போலீஸ் வெரிஃபிகேஷன் பற்றிய மேலதிக விவரங்களை எப்போது தர முடியும் என்று தெரிவித்தால் உதவியாக இருக்கும்."

பேரேடு

இதற்கு "விரைவில் தெரிவிப்போம்" என்றுதான் பதில் வரும். பத்தி எண்ணைச் சொல்லி, பதிலே ஒரு அட்டவணை போல வரும்படி கேளுங்கள். ஆங்கிலத்தில் அனுப்பினாலும் வரிசை இதுவாக இருக்கட்டும்:

> ஜூன் 3 தேதியிட்ட நியமனக் கடிதத்துக்கு நன்றி. வேலையை ஏற்கவே விரும்புகிறேன். 4-ஆவது பத்தியில் உள்ள இரு நிபந்தனைகளைப் பற்றி ஜூன் 8-க்குள் எழுத்தில் தெளிவுபடுத்த வேண்டுகிறேன்.
>
> மருத்துவம்: என்னென்ன பரிசோதனைகள், தடுப்பூசிகள்? தடுப்பூசி தொடங்கியிருந்தால் போதுமா? எங்கே செய்வது, செலவு யாருடையது? அறிக்கை உங்களை அடைய வேண்டிய கடைசி நாள் எது? தகுதி முடிவை எந்த நாளுக்குள் எனக்குத் தெரிவிப்பீர்கள்?
>
> காவல்துறை: நான் சான்றிதழ் வாங்கித் தர வேண்டுமா, நீங்களே சரிபார்ப்பீர்களா? எத்தனை ஆண்டுக்கால முகவரிகள்? வெளிநாட்டில் 14 மாதம் இருந்தேன், அதற்கும் தேவையா? சேரும் முன் முடிய வேண்டுமா, பின்னர் முடியலாமா? என் தரப்பில் எல்லாம் உரிய நேரத்தில் கொடுத்தும் அலுவலகத் தாமதம் ஏற்பட்டால் நியமனம் என்னவாகும்?
>
> எனக்கு 60 நாள் நோட்டீஸ் உண்டு. நிபந்தனைகள் நிறைவேறியதாக நீங்கள் எழுத்தில் தெரிவித்த நாளிலிருந்து 65 நாள் கழித்துச் சேரும் தேதியை வைத்துக்கொள்ள இயலுமா?

கடைசி வரிதான் உயிர்நாடி. சேரும் தேதியை ஒரு காலண்டர் தேதியோடு கட்டாமல், நிபந்தனை தீர்ந்த நாளோடு கட்டிவிட்டால் தாமதம் யார் தவறானாலும் நீங்கள் நடுத்தெருவில் நிற்க மாட்டீர்கள்.

வடக்குவாசல்

65 நாள் என்றால் வேறு ஆளைப் பார்த்துவிட மாட்டார்களா? நிபந்தனையோடு கையெழுத்துப் போட்டு, "முடிவு வந்த பிறகே ராஜினாமா தருவேன்" என்று ஒரு வரி எழுதி அனுப்பினால் போதாதா?

பேரேடு

அதுவும் ஒரு வழிதான், மறுக்கவில்லை. ஆனால் ஆகஸ்ட் 11 என்ற தேதி கடிதத்தில் அப்படியே நிற்கும். நீங்கள் எழுதிய வரியை அவர்கள் ஏற்றார்களா என்பதும் கேள்வியாகவே இருக்கும். சில நாட்டுச் சட்டங்களில் நிபந்தனை சேர்த்து ஏற்பது ஏற்பாகவே கருதப்படாது, புதிய கோரிக்கை ஆகிவிடும். அந்த வரியை எழுதினால் அதற்கு அவர்கள் பதில் வாங்காமல் விடாதீர்கள்.

தாழ்வாரம் (ஜூன் 6)

பதில் வந்துவிட்டது. அப்படியே தருகிறேன்: "மருத்துவப் பரிசோதனை எங்கள் பணியாளர் நலப் பிரிவில், செலவு எங்களுடையது, சேரும் முன் முடிய வேண்டும். ஹெபடைடிஸ் பி முதல் டோஸ் போட்டிருந்தால் சேரலாம். காவல்துறைச் சரிபார்ப்பை எங்கள் ஏஜென்சி 5 ஆண்டுக்குச் செய்யும், வழக்கமாக 4 முதல் 6 வாரம் ஆகும். வெளிநாட்டுச் சான்றிதழை நீங்கள் தர வேண்டும். சேரும் தேதி பற்றிப் பிறகு பேசலாம்."

சோதனைக்குழாய்

மெடிக்கல் பாதி தெளிந்துவிட்டது. "சேரும் முன்" என்பது ஆகஸ்ட் 10 அன்று கூட ஆகலாம், அதனால் ஒரு நாள் கேட்டு வாங்குங்கள். காசநோய் பற்றி அவர்கள் சொல்லவே இல்லை. ஒரு கட்டமா இரண்டு கட்டமா என்று நலப் பிரிவை நேரடியாகக் கேளுங்கள், அவர்களுக்கு உடனே தெரியும். தட்டம்மைத் தடுப்பூசி பட்டியலில் இருந்தால் முதல் நாளிலேயே இரண்டையும் சேர்த்து முடிக்கப் பாருங்கள்.

பேரேடு

"வழக்கமாக 4 முதல் 6 வாரம்" என்பது தேதி இல்லை. எங்கிருந்து எண்ணுவது? நீங்கள் படிவம் கொடுத்த நாளா, ஏஜென்சி ஏற்ற நாளா, வெளிநாட்டுச் சான்றிதழ் வந்து கோப்பு முழுமையான நாளா? பெரும்பாலும் கடைசியானதுதான். படிவம் ஜூன் 12 அன்று போனாலும் வெளிநாட்டுச் சான்றிதழ் ஜூலை 10 அன்றுதான் வருகிறது என்று வையுங்கள். அதிலிருந்து 6 வாரம் ஆகஸ்ட் 21. உங்கள் சேரும் தேதியைத் தாண்டிவிட்டது. இந்தக் கணக்கை அப்படியே மெயிலில் போட்டு, "இந்நிலையில் ஆகஸ்ட் 11 அன்று தற்காலிகமாகச் சேர்க்கப்படுவேனா, தேதி தள்ளிப்போகுமா" என்று கேளுங்கள். "பிறகு பேசலாம்" என்பதைப் பதிலாக எடுத்துக்கொண்டு ராஜினாமா கொடுக்காதீர்கள். ஏற்பதற்கான ஜூன் 10-ஐ ஜூன் 20 ஆக்கச் சொல்லியும் இதே மெயிலில் கேட்கலாம்.

கூழாங்கல்

ஒருவேளை ராஜினாமா கொடுத்த பிறகு அவர்கள் ஆஃபரைத் திரும்ப எடுத்தால் நஷ்ட ஈடு கேட்க முடியுமா?

பேரேடு

நாட்டுக்கு நாடு சட்டம் மாறும், என்ன நிபந்தனை எழுதியிருந்தது என்பதைப் பொறுத்தும் மாறும். நிபந்தனை நிறைவேறாததால் எடுத்தார்களா, நிறைவேறிய பிறகு எடுத்தார்களா என்பதே முதல் கேள்வியாக வரும். அதனால்தான் நிறைவேறியது என்று எழுத்தில் வாங்குவதில் இத்தனை பிடிவாதம் பிடிக்கிறேன். அதற்கு மேல் உங்கள் ஊர் தொழிலாளர் சட்ட வழக்கறிஞரைத்தான் கேட்க வேண்டும்.

தாழ்வாரம் (ஜூன் 9)

ஏற்பதற்கான தேதியை ஜூன் 18 ஆக்கிவிட்டார்கள். காசநோய்க்கு ரத்தப் பரிசோதனையே போதும், 13 அன்று வரச் சொன்னார்கள், தகுதி முடிவு 17 அன்று எழுத்தில் தருவார்களாம். தட்டம்மைத் தடுப்பூசி பட்டியலில் இருக்கிறது. அதை 13 அன்றே போட்டுக்கொள்ளலாம், ரத்தம் எடுத்த பிறகு போடுவோம் என்றார்கள். வெளிநாட்டுச் சான்றிதழுக்கு விண்ணப்பித்தாயிற்று, மூன்று தாளில் கைரேகை எடுத்தேன், ஒன்று மங்கல்தான். தற்காலிகமாகச் சேர்ப்பது பற்றி மட்டும் மேலிடத்தில் கேட்க வேண்டும் என்கிறார்கள். அது வரும்வரை ராஜினாமா கடிதம் மேஜைக்குள்ளேயே இருக்கிறது.

பேரேடு

விண்ணப்ப ரசீதையும் ரசீது எண்ணையும் இன்றைக்கே எச்.ஆருக்கு அனுப்பி வையுங்கள். சான்றிதழ் தாமதமானால் உங்கள் தரப்பு எந்த நாளில் முடிந்தது என்பதற்கு அது ஒன்றே சாட்சி. மேலிடத்துப் பதிலுக்கு 16 வரை நேரம் கொடுங்கள், அப்போதுதான் 18-க்கு முன் உங்களுக்கு இரண்டு நாள் மிஞ்சும்.